ஒதுக்கப்படுவதை மேலாளரிடம் எழுத்தில் வைத்த அனுபவம்

மென்பொருள் குழு ஒன்றில் பணம் திரும்பச் செலுத்தும் பகுதியைச் சோதிக்கும் பொறுப்பில் நான் இருந்தேன். அந்தப் பகுதியின் விதிகளைத் தீர்மானிக்கும் வடிவமைப்புக் கூட்டங்களை மூத்த பொறியாளர் ஒருவர் நடத்தினார். சிறிது சிறிதாக அந்தக் கூட்டங்களுக்கு எனக்கு அழைப்பு வருவது குறைந்தது. நான் கலந்துகொண்ட கூட்டங்களிலோ, நான் எழுப்பும் கேள்விகளை அவர் எல்லோர் முன்னிலையிலும் சிறுமைப்படுத்தித் தள்ளிவிடுவார். மேலாளரிடம் முதலில் வாய்மொழியாகத்தான் சொன்னேன்: “அவர் என்னை மதிப்பதில்லை, வேண்டுமென்றே ஒதுக்குகிறார்.” மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவர் சுபாவமே அப்படித்தான், மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்” என்றார்.

அந்தப் பதில் அலட்சியத்தால் வந்ததென்று நான் இன்றும் நினைக்கவில்லை. மதிக்கவில்லை என்பதும் வேண்டுமென்றே என்பதும் இன்னொருவரின் மனத்துக்குள் இருப்பதைப் பற்றிய கூற்றுகள். மேலாளரால் அவற்றைச் சரிபார்க்க இயலாது. எதிர்த்தரப்பு “நான் அப்படி நினைக்கவே இல்லை” என்று சொல்லிவிட்டால் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். ஆனால் நாள்காட்டியில் உள்ள அழைப்புகள், கூட்டக் குறிப்புகள், மென்பொருளில் காணும் பிழைகளைக் குறித்துவைக்கும் குறைப் பதிவுகள் ஆகியவற்றை மேலாளரால் பார்க்க முடியும். அவர் தம் இருக்கையில் இருந்தபடியே சரிபார்க்கக்கூடிய வடிவில் என் அனுபவத்தை எழுதுவதென்று முடிவு செய்தேன்.

ஒவ்வொரு நிகழ்வையும் அது நடந்த நாளிலேயே எழுதினேன். தேதி, கூட்டத்தின் பெயர், உடனிருந்தவர்கள், சொல்லப்பட்ட சொற்கள், அதன்பின் என் வேலையில் நேர்ந்தது, அதற்கான சான்று இருக்கும் இடம் ஆகியவை மட்டுமே அதில் இருந்தன. சொற்கள் அப்படியே நினைவில் இல்லாதபோது ‘ஏறத்தாழ’ என்று குறித்தேன். அறையில் இருந்த வேறொருவர் இதைப் பார்த்தோ கேட்டோ இருக்க முடியுமா என்பதே நான் வைத்துக்கொண்ட சோதனை. முடியாது என்றால் அது என் ஊகம். அதைத் தனித் தாளுக்கு மாற்றினேன். குறிப்புகளை என் சொந்த நோட்டில் கையால் எழுதினேன். நிறுவனத்தின் ஆவணம் எதையும் தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்பவில்லை. பல நிறுவனங்களில் அப்படி அனுப்புவதே விதிமீறல் என்பதால், புகார் கொடுத்தவரே குற்றம் சாட்டப்படும் நிலை வந்துவிடும். ஆவணத்தின் தலைப்பையும் தேதியையும் குறித்தாலே போதும்.

ஒரு நிகழ்வு எழுத்தில் எப்படி மாறியது என்பதைக் காட்டுகிறேன். கோபத்தில் நான் முதலில் எழுதிய வரி: “என்னிடம் மறைத்து முடிவெடுத்து என்னை முட்டாளாக்கினார்கள்.” மேலாளருக்குச் சென்ற வடிவம் இது: “செவ்வாய்க்கிழமை நடந்த வடிவமைப்புக் கூட்டத்தில், பகுதித் தொகையைத் திரும்பச் செலுத்தும் விதி மாற்றப்பட்டது. அழைப்பில் 5 பேர் இருந்தனர்; அந்தப் பகுதியைச் சோதிக்கும் என் பெயர் இல்லை. மாற்றம் எனக்கு வெள்ளிக்கிழமை, ஒரு குறைப் பதிவின் வழியாகத் தெரிந்தது. அதற்குள் பழைய விதிப்படி எழுதியிருந்த 11 சோதனைகளை மீண்டும் எழுத ஒன்றரை நாள் ஆனது. வெளியீடு ஒரு நாள் தள்ளிப்போனது.” இதில் யாரைப் பற்றியும் ஓர் அடைமொழிகூட இல்லை. ஆனாலும் முதல் வரியைவிட இது கனமானது என்றே கருதுகிறேன்.

ஒரு நிகழ்வு மட்டும் இருந்தால் அதைத் தவறுதல் என்று சொல்லிவிடலாம். ஒதுக்குதல் என்பது ஒப்பீட்டில்தான் வெளிப்படும். எனவே அந்தக் காலாண்டில் என் பகுதி விவாதிக்கப்பட்ட 9 கூட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, என் பகுதிக்குத் தொடர்பில்லாதவற்றை நீக்கிவிட்டேன். 6 கூட்டங்களுக்கு எனக்கு அழைப்பு இல்லை. அதில் ஒன்று நான் விடுப்பில் இருந்த நாளில் நடந்தது. அதையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டேன். அதே பொறியாளர் நடத்திய கூட்டங்களில், வேறொரு பகுதியைச் சோதிக்கும் சக ஊழியருக்கு அவருடைய பகுதி பேசப்பட்ட ஒவ்வொரு முறையும் அழைப்பு சென்றிருந்தது. எனக்குப் பாதகமான தகவலையும் நானே சேர்த்ததால், மற்ற எண்களை மேலாளர் ஐயத்துடன் பார்க்கவில்லை. ‘எப்போதும்’, ‘யாருமே’ போன்ற சொற்களையும் நீக்கினேன். ஒரே ஒரு விதிவிலக்கைக் காட்டினாலே அந்தச் சொற்கள் பொய்யாகிவிடும்.

சிறுமைப்படுத்துதலை எழுதுவது இதைவிடக் கடினமாக இருந்தது. ஏளனப் புன்னகையும் குரலின் தொனியும் மனத்தை உண்மையாகவே காயப்படுத்துகின்றன. ஆனால் தாளில் எழுதியதும் அவை மறுக்க எளியவையாகிவிடுகின்றன. ஆகவே சொல்லப்பட்ட சொற்களையும், அதன்பின் என் கேள்விக்கு என்ன நேர்ந்தது என்பதையும் மட்டும் எழுதினேன்: “ஒரே தொகை இரு முறை திரும்பச் செல்ல வாய்ப்புள்ளதா என்று கேட்டேன். ‘இது அடிப்படை விஷயம், பிறகு யாராவது சொல்லித் தருவார்கள்’ என்று பதில் வந்தது. கேள்விக்கு விடை தரப்படவில்லை. கூட்டக் குறிப்பில் அது இடம்பெறவும் இல்லை.” பின்னாளில் சரியென்று நிரூபணமான கேள்விகளை மட்டும் பொறுக்கி எழுதும் ஆசை எழுந்தது. அதைத் தவிர்த்தேன். அப்படி எழுதினால் விவாதம் யார் அறிவாளி என்பதை நோக்கித் திரும்பிவிடும். கேள்வி சரியோ தவறோ, விடையின்றிப் பதிவிலிருந்து மறைந்தது என்பதே குழுவுக்கு இழப்பு.

துன்புறுத்தல், பாகுபாடு என்ற சொற்களை நான் பயன்படுத்தவில்லை. பல இடங்களில் அவை முறையான விசாரணையைத் தொடங்கிவைக்கும் சொற்கள். பாலினம், பிறப்பு, சமயம், உடற்குறை போன்றவற்றைச் சுட்டும் பேச்சு நடந்திருந்தால், அந்தச் சொற்களை மென்மையாக்காமல் அப்படியே எழுதி மனிதவளத் துறையின் முறையான வழியில் கொடுத்திருப்பேன். அத்தகைய நிலையில் நடுநிலை மொழி என்ற பெயரில் உண்மையை மழுங்கடிப்பது பெருந்தவறு.

மேலாளருக்குக் கொடுத்தது ஒரு பக்கம்தான்: மூன்று நிகழ்வுகள், கூட்டங்களின் அட்டவணை, இறுதியில் மூன்று கோரிக்கைகள். என் பகுதி பேசப்படும் கூட்டங்களுக்கு நிலையான அழைப்பு வேண்டும். முடிவுகள் மறுநாளுக்குள் வடிவமைப்பு ஆவணத்தில் பதிவாக வேண்டும். விடை தரப்படாத கேள்விகள் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். அந்தப் பொறியாளரைக் கண்டியுங்கள் என்று கேட்கவில்லை. “மறந்திருக்கலாமே” என்றார் மேலாளர். “இருக்கலாம். அவருடைய நோக்கம் எனக்குத் தெரியாது. மறதியாக இருந்தாலும் நிலையான அழைப்பு அதைச் சரிசெய்துவிடும்” என்றேன். நோக்கத்தைப் பற்றிய விவாதம் அங்கே நின்றது; நேரே அட்டவணைக்கு வந்தார். அன்றே, ஒப்புக்கொண்டவற்றையும் மறுபரிசீலனைத் தேதியையும் சுருக்கமாக மின்னஞ்சலில் அனுப்பி, விடுபட்டது இருந்தால் திருத்தும்படி கேட்டுக்கொண்டேன்.

அடுத்த காலாண்டில் என் பகுதி பேசப்பட்ட எல்லாக் கூட்டங்களுக்கும் அழைப்பு வந்தது. கேள்விகள் குறிப்பில் ஏறத் தொடங்கியதும், விடை தராமல் தட்டிக்கழிப்பது குறைந்தது. அந்தப் பொறியாளர் இன்னமும் மற்றவர்களைப் பார்த்துப் பேசிவிட்டு என்னைத் தாண்டிச் செல்கிறார். அது வலிக்கிறது. அதை அறிக்கையில் சேர்க்காமல், மறுபரிசீலனையின்போது மேலாளரிடம் தனியாகச் சொன்னேன். சான்றாகச் சொல்லவில்லை, எனக்கு எப்படி இருக்கிறது என்று மட்டுமே சொன்னேன். கையில் அட்டவணை இருந்த மேலாளர், இந்த முறை அதைச் சுபாவம் என்று சொல்லவில்லை. அடுத்த கூட்டங்களில் தாமும் அமர்ந்து பார்ப்பதாகச் சொன்னார்.