கழுதைக்குக் குரல்

மார்ச் 4
கார்ட்டூன் படமொன்றுக்குக் குரல் தேவை என்ற அறிவித்தலைத் தங்கச்சி அனுப்பினாள். பாத்திரங்கள் எல்லாமே மிருகங்கள்: காகம், கீரி, சண்டை பிடிக்கிற இரண்டு ஆடுகள், ஒரு கழுதை. "வயது ஐம்பது இருக்கும். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும். தன் கயிறு எப்பவோ அவிழ்ந்துவிட்டது என்பது மட்டும் தெரியாது." எழுதினவர் எங்கள் பெரியப்பாவை எங்கேயோ சந்தித்திருக்கிறார்.

மார்ச் 5
படம் இன்னும் வரையவில்லை. குரலைப் பதிந்த பிறகுதான் அதற்கேற்ப வாயசைவு வரைவார்கள். டப்பிங் என்றால் திரையில் அசைகிற உதட்டைத் துரத்த வேண்டும். இதில் எங்கே இழுப்பது, எங்கே மூச்சு வாங்குவது எல்லாம் என் பாடு. பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 7
அவர்கள் கேட்பது வேவ் கோப்பு, 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். இசை, எதிரொலி எதுவும் சேர்க்கக்கூடாது. எங்கள் அறையில் கை தட்டினால் சுவர் பதில் சொல்லுகிறது. அம்மாவின் சேலை அலுமாரியைத் திறந்து, மைக்கை உள்ளே என்னைப் பார்க்க வைத்து, முதுகுக்குப் பின்னால் போர்வையைத் தொங்கவிட்டேன். மைக் பார்க்கிற பக்கம் அதுதானே. மின்விசிறியும் நிற்பாட்டியாச்சு, அவிந்து போனேன். நல்ல வாசிப்பு ஒன்று வந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் பாண்காரரின் ஓட்டோ பாட்டோடு வந்தது.

மார்ச் 8
இன்றைக்குப் பதிவைக் கெடுத்தது காகம்.

மார்ச் 9
தொண்டையை நெரித்துக் கரகரப்பாகப் பேசினால் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஆனால் பதிவு மணிக்கணக்கில் போகும். கடைசி வசனத்திலும் முதல் வசனத்துக் கழுதையே இருக்க வேண்டும். அதனால் முதல் வரியைப் பதிந்தேன், பக்கத்தைத் திரும்பத் திரும்ப அரை மணி நேரம் வாசித்தேன், பிறகு அதே வரியை மறுபடி பதிந்து இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். கரகரப்புக் குரல் மேலே ஏறி மெலிந்திருந்தது, இருமல் வேறு. பிறகு தொண்டையைச் சும்மா விட்டு, கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி, மூக்கால் மெதுவாகப் பேசிப் பார்த்தேன். இரண்டும் ஒரே ஆள்தான்! கனைப்பையும் எடுத்துவிட்டேன். கழுதை தன்னைக் கழுதை என்று நினைக்கவில்லை, வாத்தியார் என்று நினைக்கிறது.

மார்ச் 11
"போ பிள்ளை, போய்ப் படி." ஒவ்வொரு 'ப'வுக்கும் மைக்கில் டப் டப். ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேரே இல்லாமல் கன்னப்பக்கம் நகர்த்திய பிறகு நின்றது.

மார்ச் 12
அனுப்பியாச்சு. முதலில் பெயரும் பாத்திரமும், பிறகு இரண்டு வாசிப்பு. ஒன்று மேடைப் பிரசங்கம், மற்றது காதுக்குள் சொல்லுகிற இரகசியம். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் இரண்டாவதைக் கேட்கவே மாட்டார்கள்.

மார்ச் 19
ஒன்றுமில்லை.

மார்ச் 23
கூப்பிட்டார்கள்! இணையவழிதான். இயக்குநர் அதே வசனத்தைக் கேட்டார். "இப்ப கீரி நீங்கள் சொல்லுறதைக் கேக்கேல்லை. அது உங்களுக்கும் தெரியும், அண்ணை." நடிப்பைவிட, சொன்னதும் மாற்றுகிறேனா என்றுதான் பார்த்தார் போல. குரலைத் தாழ்த்தாமல் வேகத்தைக் கூட்டினேன். அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பிறகு வசனமில்லாத சத்தங்கள்: வைக்கோல் மெல்லுதல், கயிற்றை இழுத்தல். கிணற்றில் விழுகிற அலறலைக் கடைசிக்கு வைத்தார்கள், அதற்குப் பிறகு தொண்டை வேறு வேலைக்கு ஆகாது. அம்மா பயந்துபோய் விறாந்தையிலிருந்து ஓடி வந்தா.

மார்ச் 26
கழுதைக்கு இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆடுகளில் ஒன்றுக்கு ஆள் கிடைக்கவில்லையாம், தங்கச்சி சொல்லுகிறாள். ஆடு எனக்கு வராது.

மார்ச் 27
வருமோ?