ஒரே 5√2, நான்கு விதமான மதிப்பெண்

பெருந்துறையிலிருந்து காங்கேயம் போகும் வழியில் உள்ள ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். கடந்த அரையாண்டுத் தேர்வுக்கு நானே ஒரு வெக்டர் கணக்கை அமைத்திருந்தேன். F = i + 2j + 2k என்ற விசை P(3, 1, 2) என்ற புள்ளியில் செயல்படும்போது, Q(1, 2, 1) என்ற புள்ளியைப் பொறுத்து அதன் திருப்புத்திறனின் எண்ணளவையும் திசைக் கொசைன்களையும் காண வேண்டும்; ஐந்து மதிப்பெண். விடை எளியது. Q-விலிருந்து P-க்குச் செல்லும் வெக்டர் r = 2i − j + k. r × F என்ற அணிக்கோவையை விரித்தால் −4i − 3j + 5k வரும். எண்ணளவு √50, அதாவது 5√2. r-க்கு ஒன்று, அணிக்கோவையைச் சரியாக அமைப்பதற்கு ஒன்று, விரிவுக்கு ஒன்று, எண்ணளவுக்கு ஒன்று, திசைக் கொசைன்களுக்கு ஒன்று என்று ஸ்டெப் மார்க் பிரித்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தேன்.

முதல் இருபது தாள்களை வேகமாகத் திருத்தினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கண் நேராகக் கடைசி வரிக்குப் போனது. 5√2 இருந்தால் மேலே உள்ள வரிகளை மேலோட்டமாகப் பார்த்து ஐந்து போட்டுக்கொண்டே சென்றேன். தாள்களைக் கொடுத்த அன்று மதியம் ஒரு மாணவன் தன் தாளையும் பக்கத்துப் பெஞ்சு நண்பனின் தாளையும் கொண்டுவந்து, "ஏனுங்க சார், ரெண்டு பேருக்கும் ஒரே விடைதானுங்க, அவனுக்கு அஞ்சு, எனக்கு மூணுங்க" என்று நீட்டினான். இரண்டிலும் 4i + 3j − 5k. இருவருமே திசையைத் தலைகீழாக்கியிருந்தார்கள். ஒருவன் r-ஐ P-யிலிருந்து Q-வுக்கு எடுத்திருந்தான், மற்றவன் r-ஐச் சரியாக எடுத்துவிட்டு F × r என்று போட்டிருந்தான். குறி முழுவதும் மாறினாலும் எண்ணளவு அதே 5√2 தான் என்பதால் முதல் தாளில் என் கண்ணுக்குத் தப்பியிருந்தது. எல்லாத் தாள்களையும் திரும்ப வாங்கி, சனிக்கிழமை முழுவதும் இந்த ஒரு வினாவை மட்டும் மறுபடி திருத்தினேன்.

புள்ளிப் பெருக்கலோடு குழப்பிக்கொண்டவர்களை இனங்காண்பதில் சிரமம் இல்லை. சிலர் 2 − 2 + 2 = 2 என்று ஓர் எண்ணில் நின்றுவிட்டார்கள்; திசைக் கொசைன் கேட்ட வினாவுக்குத் திசையே இல்லாத விடை. வேலையும் திருப்புத்திறனும் நியூட்டன் மீட்டரில்தான் அளக்கப்படுகின்றன என்பதும், இரண்டிலும் விசையும் ஒரு நீளமும் பெருக்கப்படுகின்றன என்பதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வேறு மூவர் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள்: i-யை i-யோடும் j-யை j-யோடும் பெருக்கி, கூட்டாமல் 2i − 2j + 2k என்று வெக்டராகவே விட்டுவிட்டு, அதற்கு எண்ணளவும் திசைக் கொசைன்களும் கண்டிருந்தார்கள். பார்வைக்கு முழு விடை போலவே இருக்கும். இதை r-உடன் புள்ளிப் பெருக்கல் செய்தால் 4 + 2 + 2 = 8 வருகிறது; குறுக்குப் பெருக்கத்தின் விடை r-க்கும் F-க்கும் செங்குத்தாக இருக்க வேண்டுமாதலால் இங்கே பூச்சியம் வந்திருக்க வேண்டும். r-க்கு ஒன்றும், தவறான வெக்டராயினும் எண்ணளவு காணும் முறைக்கு ஒன்றும் கொடுத்து நிறுத்தினேன். விரிவில் j-க்கு முன்னால் வரும் கழித்தல் குறியை மறந்து −4i + 3j + 5k எழுதியவனையும் இதே சோதனைதான் காட்டிக்கொடுத்தது. அவனுக்கும் எண்ணளவு 5√2 தான் வந்திருந்தது; ஆனால் r-உடன் பெருக்கினால் −8 − 3 + 5 = −6.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. தலைகீழான 4i + 3j − 5k என்பதும் r-க்கும் F-க்கும் செங்குத்துதான்; பூச்சியம் வரும், ஆனால் விடை தவறு. ஆகவே திசை மாறிய தாள்களுக்கு r எப்படி எடுக்கப்பட்டது, அணிக்கோவையின் இரண்டாம் மூன்றாம் நிரைகள் எந்த வரிசையில் உள்ளன என்ற இரண்டு இடங்களையும் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அப்படிப் பார்த்துக்கொண்டு வரும்போதுதான் அந்த மாணவியின் தாள் வந்தது. முதல் தடவை ஐந்து போட்டிருந்தேன். விடையும் −4i − 3j + 5k என்று மிகச் சரியாக இருந்தது. ஆனால் r-ஐ −2i + j − k என்று தலைகீழாக எடுத்து, அணிக்கோவையில் F-ஐ மேலேயும் r-ஐக் கீழேயும் வைத்திருந்தாள். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்துவிட்டன. எங்கள் பக்கம் போர்வெல் மோட்டாரில் மூன்று பேஸ் வயர்களில் எந்த இரண்டை மாற்றிக் கொடுத்தாலும் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றித் தண்ணீர் குறைந்துவிடும். மறுபடியும் இரண்டை மாற்றினால் ஒழுங்காகிவிடும். அதே கதைதான்.

என் பிரிப்பின்படி பார்த்தால் இவளுக்கு இரண்டு இடங்களில் மதிப்பெண் போய் மூன்று. திசையைத் தலைகீழாக்கி விடையே தவறியவனுக்கு ஓர் இடத்தில் மட்டும் போய் நான்கு. பக்கத்து மேசையில் இருந்த மூத்த ஆசிரியர், "விடை சரியா இருக்குதுங்க, போட்டு விட்ருங்க சார்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு, ஏனெனில் F × (Q − P) என்பது (P − Q) × F-க்குச் சமமே. அதை அறிந்தே ஒருத்தி எழுதியிருந்தால் ஐந்தும் அவளுடையது. இவளோ முதல் வரியில் r × F என்றுதான் சூத்திரம் எழுதியிருந்தாள்.

திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு, ஏன் F-ஐ மேலே வைத்தாய் என்று கேட்டேன். "கணக்குல விசையைத்தானுங்க சார் மொதல்ல குடுத்திருக்காங்க" என்றாள். r-ஐப் பற்றிக் கேட்டதற்கு, "ரெண்டாவதா வர்ற புள்ளியில இருந்து மொதப் புள்ளியைக் கழிக்கோணுமுங்க" என்றாள். வினாவை நான் எழுதிய சொல்வரிசைதான் அவளுக்குச் சூத்திரமாகியிருந்தது. போர்டில் வரிசையை மாற்றி ஒரு கணக்குக் கொடுத்தேன்: j என்ற விசை, ஆதிப்புள்ளியைப் பொறுத்து, (1, 0, 0) என்ற புள்ளியில் செயல்படுகிறது. r = i என்று சரியாகவே எடுத்தாள், பிறகு j × i என்று போட்டு −k எழுதினாள். வலக்கை விரல்களை i-யிலிருந்து j-பக்கமாக மடக்கச் சொன்னேன். கட்டைவிரல் அவளை நோக்கி நின்றது, அவள் எழுதிய −k போர்டுக்குள் போகிற திசை. சிறிது நேரம் கையையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதன்பின் பிரிப்பில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். வழக்கமாக ஒரு பிழைக்கு ஒரு முறைதான் குறைப்போம், அதைத் தொடர்ந்து வரும் படிகளுக்குக் கொடுத்துவிடுவோம். ஆனால் திசையைக் கேட்டிருப்பதே திசைக் கொசைன்களில்தான் என்பதால், திசை தலைகீழானவர்களுக்கு அந்த ஒன்றையும் கொடுக்கவில்லை. ஆகவே நண்பர்கள் இருவருக்கும் மூன்று, அவளுக்கும் மூன்று. அரசுத் தேர்வில் இப்படி நம் விருப்பத்துக்குச் செய்ய முடியாது. அங்கே விடைக்குறிப்பு என்ன சொல்கிறதோ அதுதான். ஐந்தை அடித்து மூன்று எழுதியதில் அவளுக்கு வருத்தம் இருந்தது. இரண்டு நாள் முதல் பெஞ்சிலிருந்து தலை நிமிரவில்லை. திருப்புதல் தேர்வுக்கு வினா அமைத்தபோது ஆதாரப் புள்ளியை முதலிலும், விசையை நடுவிலும், அது செயல்படும் புள்ளியைக் கடைசியிலும் வைத்து எழுதினேன்.