முகப்பில் ஏது வெயில்?

கானாடுகாத்தான் வீட்டுப் படம் நாலாவது முயற்சியில் ஒருவழியாக ஒப்பேறியது. எடுத்த அன்று வானம் வெளுத்த சாம்பலாக இருந்தது, நிழல் என்பதே இல்லை. கணினியில் அந்த இடத்தில் அந்தி வானத்தை வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன்.

முதல் மூன்று முறையும் முகப்புச் சுவரை ஆரஞ்சாக்கித்தான் கெடுத்தேன். வானம் சிவந்தால் சுவரும் சிவக்கும் என்ற நினைப்பு. படத்தை அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணனிடம் காட்டினேன். "கிழக்குப் பாத்த வீடு தம்பி. சாயங்காலம் முகப்புல ஏது வெயிலு?" என்றார். அப்போதுதான் உறைத்தது. சூரியன் வீட்டுக்குப் பின்னால் இறங்குகிறது என்றால் நமக்குத் தெரியும் சுவர் நிழலில் இருக்க வேண்டும். அதன் மேல் விழுவது கிழக்கு வானத்தின் நீலம் கலந்த வெளிச்சம்தான். தெருவும் வீட்டின் நிழலுக்குள் போய்விடுவதால், நீள நிழல் வரைகிற தொல்லையும் விட்டது.

வெளிச்சத்தை ஏற்றி இறக்குகிற Curves-இல் சுவரை 225-லிருந்து 120-க்கு இறக்கி, நீலத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். திண்ணை உள்பக்கத்தை இன்னும் இருட்டாக்கினேன். மஞ்சள் வெளிச்சம் வைத்தது ஓட்டு விளிம்பிலும் மேலே சுதைப் பொம்மைகளின் ஓரத்திலும் மட்டும். கீழே இருப்பதை வெளிச்சமாக்குகிற Screen லேயரில் ஒரு மயிரிழை. சரியா என்று பார்க்க, மேலே ஒரு கறுப்பு வெள்ளை லேயர் போட்டுப் பார்ப்பேன். வீட்டை ஒட்டிய வானத்தைவிடச் சுவர் வெளிச்சமாக இருந்தால் கதை கந்தல்.

ஆனால் உயிரை வாங்கியது வானத்தை வீட்டிலிருந்து பிரிக்கிற மாஸ்க். நீலச் சானலை வைத்து வானத்தைப் பிரிக்கலாம் என்று பார்த்தால், நம்மூர்ச் சுண்ணாம்புச் சுவர் அந்த வானத்தைவிட வெள்ளை! இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வருகின்றன. கடைசியில் சுவரையும் ஓட்டையும் Pen கருவியால் கையாலேயே வெட்டினேன். ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று.

பக்கத்து வேப்பமரத்தை வெட்டவே இல்லை. பழைய வானத்தை ஏறக்குறைய வெள்ளையாக ஏற்றிவிட்டு, புது வானத்தை அதன்மேல், கீழே இருப்பதை இருட்டாக்க மட்டுமே செய்கிற Multiply-இல் வைத்தேன். வெள்ளையில் புது வானம் அப்படியே விழுகிறது, இலை இருட்டாகவே நிற்கிறது, ஓரத்தில் வெள்ளைக் கோடு இல்லை. பழைய வானத்தைச் சாம்பலாகவே விட்டால் மட்டும் புது வானம் அழுக்காகிவிடும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற வானம் இனி வேண்டாம். பாதிக்கு மேல் ஏற்கெனவே நிறம் ஏற்றியவை. நான் எடுத்ததோ 35 மி.மீ. லென்ஸ், அங்கே வருவது அகலக்கோண மேகம். அடுத்த வாரம் ஊருணிக் கரையில் நின்று மேற்கு வானத்தை நானே எடுத்து வைக்கப் போகிறேன்.

காரைக்குடியில் பிரிண்ட் போட்டதில் திண்ணை மொத்தமாகக் கறுத்துவிட்டது. லேபைத் திட்டினேன், பார்த்தால் என் திரை வெளிச்சம்தான் அதிகம். அதைக் குறைத்துவிட்டுத் திண்ணையை மறுபடி தொட வேண்டும். தெருவில் தேங்கிய மழைத் தண்ணீரில் இன்னும் பழைய வானம்தான் தெரிகிறது.