1.1 போட்டும் தாண்டவே இல்லை: ஓவர்ஷூட் வளைவோடு ஒரு வாரம்

ஒருவழியாக அந்தப் பேனல் நான் நினைத்தபடி வந்து நிற்கிறது. இடப்பக்கத்திலிருந்து 320 பிக்சல் நகர்ந்து வரும் மெனு அது. வந்து சேரும்போது இலக்கை லேசாகத் தாண்டி, அப்புறம் பின்வாங்கி உட்கார வேண்டும். தாண்டுவது பத்து பிக்சல் போதும். இவ்வளவுதான் ஆசை, அதற்கு ஒரு வாரம் போய்விட்டது.

அசைவின் வளைவுக்கு முதலில் CSS-இல் `cubic-bezier(0.34, 1.1, 0.64, 1)` என்று போட்டேன். இந்த நான்கு எண்களும் வரிசையாக `x1`, `y1`, `x2`, `y2`, அதாவது வளைவின் இரண்டு கண்ட்ரோல் பாயிண்டுகள்; `x` நேரம், `y` தூரம். `y1` 1.1 என்றால் பத்து சதவீதம், அதாவது 32 பிக்சல் தாண்டும், பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. ஓடவிட்டால் தாண்டுகிற மாதிரியே தெரியவில்லை. கேஷ்தான் பழைய கோப்பைக் காட்டுகிறது என்று நினைத்து அதை இரண்டு முறை துடைத்தேன். வேகத்தை 10 சதவீதத்துக்குக் குறைத்துப் பார்த்தும் ஒன்றும் இல்லை.

தப்பு என் வாசிப்பில். கண்ட்ரோல் பாயிண்ட் வழியாக வளைவு போவதில்லை, அது தூரத்திலிருந்து வளைவைத் தன் பக்கம் இழுக்கிறது, அவ்வளவுதான். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் எண்ணைப் பார்த்ததும் கை பழைய கணக்குக்கே போய்விடுகிறது. எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று காகிதத்தில் உட்கார்ந்தேன். `y2` சரியாக 1 ஆக இருந்தால் கணக்கு அழகாகச் சுருங்குகிறது:

```
overshoot = 4 * (y1 - 1)^3 / (3*y1 - 2)^2
```

1.1 போட்டுப் பாருங்கள்: 0.0024. 320 பிக்சலில் ஒரு பிக்சல்கூட இல்லை! பலரும் எடுத்து ஒட்டும் 1.56 தருவது 0.098, அதாவது 31 பிக்சல். அது மெனு இல்லை, ஊஞ்சல். 1.3 போட்டால் 0.03, 9.6 பிக்சல். நான் தேடியது இதுதான்.

இந்தச் சூத்திரத்தில் `x1`, `x2` இரண்டுமே இல்லை என்பதைக் கவனித்தபோதுதான் எனக்கு வெளிச்சம் வந்தது. எவ்வளவு தாண்டும் என்பது `y` பக்கத்து வேலை. எப்போது தாண்டும் என்பது `x` பக்கத்து வேலை. அதுவரை நான் கண்ட்ரோல் பாயிண்டின் கைப்பிடியை எடிட்டரில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் குழப்பிக்கொண்டிருந்தேன். இப்போது முதலில் உயரத்தைப் பூட்டிவிட்டு, அப்புறம் கைப்பிடியைக் கிடையாக மட்டும் நகர்த்துகிறேன்.

`y1` 1.3, மொத்த நேரம் 300 மில்லிநொடி. `x2` 0.64 இருந்தபோது உச்சம் சுமார் 202-இல் வந்தது. திரும்பி வர மிச்சம் நூறுக்குக் கொஞ்சம் குறைவு. அவசரமாக வெடுக்கென்று இழுத்த மாதிரி இருந்தது. `x2`-ஐ 0.3 ஆக்கினேன். உச்சம் சுமார் 157-லேயே வந்து, திரும்புதல் நிதானமாகிவிட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை விடவில்லை, `x1`-ஐ 0.34-லிருந்து 0.2 ஆக்கினேன். தொடக்கச் சரிவு `y1 / x1`; இந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே முதல் வேகம் தெரிந்துவிடும். 1.3 / 0.2 என்றால் 6.5, சராசரி வேகத்தைப்போல் ஆறரை மடங்கில் கிளம்புகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் முதல் ஃபிரேமிலேயே சுமார் 106 பிக்சல் தாவல். கண்ணுக்கு அது நகர்வாகத் தெரியவில்லை, பேனல் பாதியில் முளைத்த மாதிரி இருந்தது. 0.34-இல் அதே ஃபிரேமில் 67 பிக்சல். அங்கேயே திரும்பிவிட்டேன்.

```css
.panel {
  transition: transform 300ms cubic-bezier(0.34, 1.3, 0.3, 1);
  box-shadow: -12px 0 0 var(--panel-bg);
}
```

அந்த `box-shadow` அலங்காரம் இல்லை. பேனல் வலப்பக்கம் தாண்டும்போது இடது ஓரத்தில் பத்து பிக்சல் சந்து திறந்து, பின்னால் இருக்கும் பக்கம் எட்டிப்பார்க்கிறது. அந்தச் சந்தை அடைக்கத்தான் பேனல் நிறத்திலேயே ஒரு பட்டை.

ஒரு இரவு முழுக்கத் தின்ற இன்னொரு தப்பு: `x1`-இல் கை தவறி 1.34 என்று அடித்துவிட்டேன். `y` எங்கு வேண்டுமானாலும் போகலாம், `x` 0-க்கும் 1-க்கும் இடையில் இருந்தே ஆக வேண்டும். நேரம் பின்னோக்கி ஓடக்கூடாதே. பிரவுசர் அந்த வரியையே தூக்கி எறிந்துவிட்டது. சுருக்க வடிவத்தில் எழுதியதால் 300 மில்லிநொடியும் சேர்ந்து போய், பேனல் அசைவே இல்லாமல் டப்பென்று வந்து நின்றது. அசைவு அடியோடு காணாமல் போனால் இப்போதெல்லாம் முதலில் `x`-ஐத்தான் பார்க்கிறேன்.

இரண்டு முறை துள்ளி அடங்கும் ஸ்பிரிங் மாதிரி வேண்டுமென்றால் இந்த நான்கு எண்களால் முடியாது, முடிவில் ஒரே ஒரு தாண்டல்தான் கிடைக்கும். அதற்கு `linear()`-இல் புள்ளிகளை வரிசையாக எழுத வேண்டும், அதற்கு ஒரு குட்டி ஸ்கிரிப்ட் பாதியில் நிற்கிறது. மூடும்போது எந்த வளைவு என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. இதே வளைவுதான் ஓடுகிறது. தாண்டல் திரைக்கு வெளியே நடப்பதால் யாருக்கும் தெரியாமல் பாதி நேரம் வீணாகிறது. அதை நாளைக்குப் பார்க்க வேண்டும்.