10 எம்விஏ மின்மாற்றியின் நியூட்ரல்: பட்டை, தடை, சுருள்

33/11 கேவி, 10 எம்விஏ, டெல்டா–ஸ்டார் மின்மாற்றி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இம்பீடன்ஸ் 8.35 சதவீதம். 11 கேவி பக்கத்து முழுச் சுமை மின்னோட்டம் 525 ஆம்பியர். இது ஒரு தொழிற்சாலையில் மொத்தம் 20 கிலோமீட்டர் 11 கேவி எக்ஸ்எல்பிஇ கேபிளுக்கு மின்சாரம் தருகிறது. இந்த மின்மாற்றியின் ஸ்டார் முனையை, அதாவது நியூட்ரலை, மண்ணோடு எப்படி இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து, அதே கேபிளில் அதே இடத்தில் வரும் எர்த் ஃபால்ட்டில் 6300 ஆம்பியரும் பாயலாம், 2 ஆம்பியரும் பாயலாம். மின்னோட்டத்தைக் குறைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். இரும்பும் செம்பும் சுமந்த பாரம் இன்சுலேஷன் மேலும் ரிலே மேலும் ஏறுகிறது, அவ்வளவுதான்.

நியூட்ரலை ஜிஐ பட்டையோ செம்புப் பட்டையோ வைத்து நேராக எர்த் பிட்டுக்கு இறக்குவது முதல் முறை. 11 கேவி பஸ்ஸில் ஒரு ஃபேஸ் மண்ணைத் தொட்டால், மின்மாற்றியின் சொந்த இம்பீடன்ஸ் மட்டுமே தடுக்கும். 33 கேவி பக்கத்து இம்பீடன்ஸை விட்டுவிட்டால் 525-ஐ 0.0835-ஆல் வகுத்து சுமார் 6300 ஆம்பியர் வரும். ரிலேவுக்கு வேலை எளிது. பழுதில்லாத இரண்டு ஃபேஸ்களின் மின்னழுத்தமும் பெரிதாக ஏறாது. அதனால் தமிழ்நாட்டு 11 கேவி லைன்களில் 9 கேவி ரேட்டிங் உள்ள இடிதாங்கியைப் போட முடிகிறது, 6.35/11 கேவி தரக் கேபிளே போதுமானதாக இருக்கிறது.

இதற்கான விலையை மோட்டார்கள் கட்டுகின்றன. ஸ்லாட்டுக்குள் இன்சுலேஷன் பழுதாகி 6300 ஆம்பியர் பாய்ந்தால், பிரேக்கர் திறக்கும் கால் நொடிக்குள்ளேயே கோர் தகடுகள் உருகி ஒட்டிவிடும். சுருளை மாற்றலாம், உருகிய கோரை ஒன்றும் செய்ய முடியாது. கேபிளின் செம்பு நாடாத் திரையும் இத்தனை மின்னோட்டத்தைத் தாங்கும் தடிமனில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாலிட் எர்த்திங் என்றாலே பெரிய மின்னோட்டம் வரும் என்று எண்ணக் கூடாது. மேல்நிலைக் கம்பி அறுந்து காய்ந்த மணலில் கிடக்கும்போது தொடுமிடத்தின் தடை 300 ஓம் என்றால், 6350 வோல்ட்டுக்கு 21 ஆம்பியர்தான் வரும். 300/1 சிடி எனப்படும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரில் 20 சதவீத செட்டிங், அதாவது 60 ஆம்பியர் வைத்த ரிலே அதைப் பார்க்கவே பார்க்காது. கம்பி உயிரோடு கிடக்கும். நியூட்ரலைப் பட்டையால் கட்டியதில் இங்கே ஒரு பயனும் இல்லை.

தொழிற்சாலைக்கு வழக்கமாக வருவது இரண்டாவது முறை, அதாவது என்ஜிஆர் எனப்படும் நியூட்ரல் எர்த்திங் ரெசிஸ்டர். எர்த் ஃபால்ட்டை 400 ஆம்பியரில் நிறுத்த வேண்டும் என்றால் 6350-ஐ 400-ஆல் வகுத்து ஏறக்குறைய 16 ஓம். மின்மாற்றியின் 1 ஓம் ரியாக்டன்ஸ் இதனோடு செங்கோணத்தில் சேர்வதால் கணக்கை மாற்றாது. மின்னோட்டம் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகிறது. பழுதுள்ள இடத்து வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே நேரத்துக்கு அது 250-இல் ஒரு பங்காகிறது. மோட்டார் கோர் பிழைப்பது இதனால்தான்.

ஆனால் அந்த நேரத்தில் நியூட்ரல் கிட்டத்தட்ட 6350 வோல்ட்டுக்கு ஏறிவிடும். மற்ற இரு ஃபேஸ்களும் மண்ணுக்கு எதிராக 11 கேவியில் நிற்கும். ரெசிஸ்டர் இருந்தால் ஓவர்வோல்டேஜ் வராது என்று சொல்வது பாதி உண்மை. விட்டுவிட்டு எரியும் ஆர்க்கினால் பல மடங்கு ஏறும் திடீர் மின்னழுத்தத்தை அது அடக்கும். 50 ஹெர்ட்ஸில் வரும் 1.73 மடங்கு ஏற்றத்தை அடக்காது. எனவே 9 கேவி இடிதாங்கியை இங்கே அப்படியே விட்டால் அது வெடிக்கக் காத்திருக்கிறது, 12 கேவி வேண்டும். மின்னழுத்தத்தை அளக்கும் பிடி வாங்கும்போது வோல்டேஜ் ஃபேக்டர் 1.5 போதாது, 1.9 என்று குறிப்பிட வேண்டும். சாலிட்டாக இருந்த பழைய ஆலையில் பின்னாளில் என்ஜிஆர் சேர்க்கும்போது இந்த இரண்டும்தான் விடுபடுகின்றன. ரெசிஸ்டர் வாங்கப் பணம் ஒதுக்குவார்கள், இடிதாங்கி பட்டியலிலேயே இருக்காது.

ரிலே பக்கம் இன்னும் நுட்பமானது. எர்த் ஃபால்ட் பக்கத்தில் வந்தாலும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி வந்தாலும் 16 ஓம்தான் தீர்மானிக்கிறது, மின்னோட்டம் 400-ஐ ஒட்டியே இருக்கும். தூரத்துக்கேற்ப மின்னோட்டம் குறைவதை நம்பி, மின்னோட்டம் கூடக் கூட விரைவாகத் திறக்கும் ஐடிஎம்டி வளைவில் கிரேடிங் செய்ய முடியாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நிலையான நேரம் வைத்து, கீழிருந்து மேலாக 0.3 நொடி போலக் கூட்டிக்கொண்டு போவதே சரி. கடைசிக் காவல் நியூட்ரல் சிடியில் இருக்கும் ஸ்டாண்ட்பை எர்த் ஃபால்ட் ரிலே. பொதுவாக ரெசிஸ்டர் 10 நொடிக்கு மட்டுமே ரேட் செய்யப்படுகிறது. 400 ஆம்பியரில் 10 நொடியில் அதில் இறங்கும் ஆற்றல் 25 மெகாஜூல், ஸ்டீல் கிரிட் 760 டிகிரி வரை சூடேற அனுமதி உண்டு. ஆகவே ஸ்டாண்ட்பை ரிலே முதலில் 11 கேவி பஸ்ஸுக்கு மின்சாரம் கொண்டுவரும் இன்கமர் பிரேக்கரைத் திறக்க வேண்டும், அதற்கும் மின்னோட்டம் நிற்காவிட்டால் 33 கேவி பிரேக்கரைத் திறக்க வேண்டும். மின்மாற்றிக்கும் இன்கமருக்கும் இடையில் வந்த பழுதை இன்கமர் நிறுத்தாது.

மின்மாற்றியின் உள்ளே நடப்பதுதான் பலரும் தவறவிடுவது. ஸ்டார் சுருளின் ஃபேஸ் முனையில் எர்த் ஃபால்ட் வந்து 400 ஆம்பியர் பாய்ந்தால், 33 கேவி டெல்டாவில் அது 77 ஆம்பியராகத் தெரியும். அங்கே முழுச் சுமை 175 என்பதால் 44 சதவீதம், இரு பக்க மின்னோட்டத்தையும் ஒப்பிடும் டிஃபரென்ஷியல் ரிலே பிடித்துவிடும். அதே பழுது சுருளின் நடுவில் வந்தால் ஓட்டும் மின்னழுத்தமும் பாதி, பழுதில் சிக்கிய சுற்றுகளும் பாதி. மின்னோட்டம் 200 ஆகிறது, 33 கேவி பக்கம் வெறும் 19 ஆம்பியர், அதாவது 11 சதவீதம். 20 சதவீதத்துக்குக் குறையாமல் செட் செய்யப்படும் டிஃபரென்ஷியல் அதை உணராது. அதனால் என்ஜிஆர் போட்ட மின்மாற்றிக்கு 11 கேவி பக்கம் ஆர்இஎஃப் எனப்படும் ரெஸ்ட்ரிக்டட் எர்த் ஃபால்ட் ரிலே கட்டாயம். அதிலும் செட்டிங் 525-இல் 20 சதவீதம், அதாவது 105 ஆம்பியர் என்று வைத்தால், நியூட்ரலிலிருந்து 26 சதவீதச் சுருள் காவலில்லாமல் கிடக்கும். 400-இல் 10 சதவீதமான 40 ஆம்பியருக்கு இறக்கினால் அது 10 சதவீதமாகச் சுருங்கும். சதவீதத்தை எதன் மேல் கணக்கிடுகிறோம் என்பதை செட்டிங் தாளில் எழுதி வைப்பது நல்லது.

மோட்டார் ஃபீடர்களில் கேபிளைச் சுற்றி சிபிசிடி எனப்படும் கோர் பேலன்ஸ் சிடி மாட்டுகிறோம். கேபிள் அதனுள் நுழைந்து கிளாண்டில் முடியும்போது, திரையும் ஆர்மரும் அதன் வழியே போயிருக்கும். பழுதில் ஃபேஸ் வழியே போகும் மின்னோட்டம் திரை வழியே திரும்பி வந்தால் ஒன்றையொன்று கழித்துவிடும், ரிலே அசையாது. திரையின் எர்த் வயரை அதே சிபிசிடி வழியே எதிர்த்திசையில் திரும்பக் கொண்டுவந்து, பிறகே எர்த் பாரில் கட்ட வேண்டும். கிளாண்டும் பேனல் உடலைத் தொடாமல் இன்சுலேட் ஆகியிருக்க வேண்டும். இதைச் சோதிக்க ஒரு ஃபேஸில் மட்டும் மின்னோட்டம் செலுத்திப் பார்த்தால் போதாது, அதில் எல்லாம் சரியாகவே தெரியும். ஃபேஸில் அனுப்பித் திரையில் திரும்ப வாங்கிப் பார்த்தால்தான் வண்டவாளம் வெளிவரும்.

மூன்றாவது, பீட்டர்சன் சுருள். முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியின் வால்டெமார் பீட்டர்சன் கண்டது. நியூட்ரலை எதனோடும் கட்டாமல் விட்டாலும் கேபிள்களின் கெபாசிட்டன்ஸ் வழியே பழுதில் மின்னோட்டம் பாயும். ஒரு கிலோமீட்டர் கேபிளுக்கு ஃபேஸ் ஒன்றுக்கு 0.4 மைக்ரோஃபாரட் என்று வைத்தால்:

```
Ic = 3 × 2πf × C × Vph
   = 3 × 314 × 8e-6 × 6350 ≈ 48 A   (20 km)
XL = 6350 / 48 ≈ 132 Ω,  L ≈ 0.42 H
```

நியூட்ரலில் 132 ஓம் ரியாக்டர் வைத்தால் அது 48 ஆம்பியர் இண்டக்டிவ் மின்னோட்டத்தை எதிர்த்து அனுப்பிக் கழித்துவிடும். மிஞ்சுவது சுருளின் இழப்பும் கேபிளின் கசிவும் தரும் 2 ஆம்பியர் போல, கூடவே சுருளால் கழிக்க முடியாத ஹார்மோனிக்ஸ். மேல்நிலை லைனில் இன்சுலேட்டர் மீதான ஆர்க் இவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் தானே அணைந்துவிடும், ஒரு பிரேக்கரும் திறக்க வேண்டியதில்லை. மேல்நிலை லைன் தனியாக இருந்தால் சுருளுக்குப் பெரிய தேவையும் இல்லை. கிலோமீட்டருக்கு 0.03 ஆம்பியர் அளவுதான் அது தருகிறது. கேபிள் கலந்த, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வலையில்தான் சுருள் தன் வேலையைக் காட்டும். 2009 பிப்ரவரி காட்டுத்தீக்குப் பிறகு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 22 கேவி லைன்களில் இதையே மேம்படுத்தி வைத்தது. அங்கும் பழைய இடிதாங்கிகளை மாற்ற வேண்டி வந்தது.

கேபிள் பழுது தானே ஆறாது. நம் ஆலையில் சுருள் இருந்தால் கிடைப்பது ஓடிக்கொண்டே பழுதைத் தேடும் அவகாசம் மட்டும். அந்த அவகாசம் முழுக்க மற்ற ஃபேஸ்கள் 11 கேவியில் நிற்கும். வேறொரு கேபிளின் பலவீனமான ஜாயிண்ட் அதில் உடைந்தால், மண் வழியாக இரண்டு ஃபேஸ் ஷார்ட் ஆகி ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், இரண்டு ஃபீடர்களும் போகும். பழைய ஜாயிண்டுகள் நிறைந்த கேபிள் வலைக்குச் சுருளைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை.

டியூனிங் ஒரு முறை செய்து மறந்துவிடுவதும் அல்ல. 5 கிலோமீட்டர் ஃபீடரைப் பராமரிப்புக்காகத் திறந்தால் கெபாசிட்டிவ் மின்னோட்டம் 36 ஆகிவிடும். 48-இல் நிற்கும் சுருள் 12 ஆம்பியர் கூடுதலாகத் தரும். கோரை நகர்த்தித் தானே சரிசெய்துகொள்ளும் சுருள் இல்லையென்றால் ஸ்விட்சிங் ஒவ்வொன்றுக்கும் டேப்பை மாற்ற வேண்டும்.

பழுதுள்ள ஃபீடரைக் கண்டுபிடிப்பதே கடினம். மின்னோட்டத்தின் அளவு சொல்லாது, கெபாசிட்டிவ் திசையும் ஏமாற்றும். பழுதான ஃபீடர் வழியே போகும் அந்த 2 ஆம்பியர் ஆக்டிவ் பகுதியைத்தான் வாட்மெட்ரிக் ரிலே பிடிக்கிறது. ஆனால் நல்ல ஃபீடரில் 12 ஆம்பியர் கெபாசிட்டிவ் ஓடும்போது, சிடியில் ஒரு டிகிரி கோணப்பிழை இருந்தாலே 0.2 ஆம்பியர் பொய்யான ஆக்டிவ் பகுதி தோன்றும். மூன்று சிடிகளை ரெசிடுவலாகச் சேர்த்தால் பிழை இன்னும் கூடி உண்மையை மூடிவிடும். இங்கே துல்லியமான சிபிசிடி தவிர வேறு வழி இல்லை. அல்லது பழுது சில நொடி நீடித்ததும் சுருளோடு இணையாக ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து, ஆக்டிவ் மின்னோட்டத்தைக் கொஞ்ச நேரம் கூட்டிக் காட்டலாம். பலரும் கடைசியில் இதற்குத்தான் வருகிறார்கள்.

என்ஜிஆருக்குத் திரும்பினால், அதில் ஓசையின்றி வரும் கேடு கிரிட் அறுந்து போவது. அன்றாட ஓட்டத்தில் நியூட்ரலில் மின்னோட்டம் இல்லாததால் யாருக்கும் தெரியாது. அடுத்த எர்த் ஃபால்ட்டில் 400 வராது, 48 ஆம்பியர் கெபாசிட்டிவ் மட்டும் வரும். ஸ்டாண்ட்பை ரிலே உறங்கும், ஆர்க் விட்டுவிட்டு எரியும். வருடாந்திர ஷட்டவுனில் நியூட்ரல் லிங்க்கைக் கழற்றி ஓம் அளந்தால் 16-இலிருந்து 10 சதவீதத்துக்குள், அதாவது 14.4-க்கும் 17.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். பெட்டியின் வெளி முனைகளில் மட்டும் அளக்காமல், மின்மாற்றி நியூட்ரல் புஷ்ஷிங்கிலிருந்து எர்த் பிட் வரை முழுப் பாதையையும் அளக்க வேண்டும். ரெசிஸ்டர் சரியாக இருந்து, அதற்குக் கீழே உள்ள செம்புப் பட்டை திருடு போயிருக்கும் ஆலைகளும் உண்டு. இரண்டு அளவீட்டுக்கு நடுவில் அறுந்தாலும் தெரிய, ஓப்பன் டெல்டா பிடியில் ஒரு நியூட்ரல் டிஸ்ப்ளேஸ்மென்ட் ரிலே வைத்து, ஸ்டாண்ட்பை ரிலேவைவிடச் சற்றுத் தாமதமாக அது இன்கமரைத் திறக்கும்படி செய்யலாம்.