நான்காம் எபிசோடின் கடைசி ஐந்து பக்கங்கள்

மார்ச் 3, திங்கள்

எட்டு எபிசோடு தொடரில் நான்காவதின் முதல் வரைவை இன்று இயக்குநருடன் உட்கார்ந்து படித்தேன். முப்பத்தெட்டு பக்கங்கள், பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற வழக்கமான கணக்கில் முப்பத்தெட்டு நிமிடங்கள். படித்து முடித்ததும் அவர், "நிறைவாக இருக்கிறது, ஆனால் பார்க்கிறவர் இந்த நிறைவோடு எழுந்து போய்விடுவார்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

கதையின் இந்தப் பகுதி இதுதான். அப்பா மருத்துவமனையில் இறந்தபோது அருகில் இருந்தவன் தம்பி மட்டுமே. வெளியூரில் இருந்த அக்காவுக்கு அவன் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னான். சொத்தில் அக்காவுக்கு வரவேண்டிய பங்கும் தம்பிக்கே என்று சொல்லும் அப்பாவின் கடைசிக் கடிதத்தில் அதே நாளின் தேதியும், இரவு எட்டு மணி என்ற நேரமும் இருக்கின்றன. இருபத்திரண்டாம் காட்சியில் அக்கா மருத்துவமனையின் இறப்பு அறிக்கையைப் பார்க்கிறாள்: அப்பா இறந்தது காலை 11.20. கடிதம் பொய் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. முப்பத்தாறாம் காட்சியில் தம்பி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான், அதன்பின் ஐந்து பக்கங்களுக்கு அழுகை, காரணம், மன்னிப்பு. யார் செய்தது, எப்போது செய்தது, ஏன் செய்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே எபிசோடில் விடை கொடுத்துவிட்டு, ஐந்தாவதைத் தொடங்கக் கையில் எதுவும் இல்லாமல் நிற்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஒவ்வொரு வெளிப்படுத்தலையும் தனி அட்டையில் எழுதினேன். அட்டையின் இடப்பக்கம் அது எந்தக் கேள்வியை அடைக்கிறது என்பதும், வலப்பக்கம் எந்தக் கேள்வியைத் திறக்கிறது என்பதும். ஒப்புதல் அட்டையின் வலப்பக்கம் காலியாகவே இருந்தது. அதை இறுதியில் வைத்தது என் தவறு. அது அடைக்கும் அட்டை.

வியப்பைத் தந்தது இறப்பு அறிக்கை அட்டைதான். ஒப்புதலுக்கு முன்னால் வந்தால் அது கடிதம் பொய் என்று நிரூபிக்கும் சாதாரணத் தடயம். அதையே ஒப்புதலுக்குப் பின்னால் கொண்டுவந்தால், அந்த ஒப்புதலே பொய் என்று சொல்லிவிடுகிறது. தகவல் ஒன்றுதான், ஒரு இலக்கத்தைக்கூட மாற்றத் தேவையில்லை, அது நிற்கும் இடம் மாறும்போது அதன் வேலை மாறுகிறது.

ஆகவே ஒப்புதலை உடைக்கிறேன். "அப்பாவால் பேனா பிடிக்க முடியவில்லை, அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்" என்று தம்பி சொல்வான். யார் என்பதற்கு இந்த எபிசோடிலேயே விடை கிடைத்துவிடும். அதை மறைத்துவைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன், ஏனென்றால் முதல் காட்சியிலிருந்து பார்வையாளர் காத்திருப்பது அந்த விடைக்காகத்தான். அதையும் கொடுக்காமல் 'தொடரும்' போட்டால் அவர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். எப்போது என்பது கடைசிப் படிமத்தில் தெரியவரும். ஏன் என்பது ஐந்தாவதுக்கு.

மார்ச் 6, வியாழன்

ஒரு காட்சியை இடம் மாற்றினால் அது விட்டுச்சென்ற பள்ளத்தை நிரப்புவதுதான் பெரிய வேலை. இருபத்திரண்டில் அறிக்கை இல்லையென்றால் அக்காவுக்குச் சந்தேகம் எப்படி வரும்? அப்பாவின் கை இரண்டு ஆண்டுகளாக நடுங்கிக்கொண்டிருந்தது என்பது முதல் எபிசோடிலேயே இருக்கிறது; கடிதத்தின் கையெழுத்தோ நடுக்கமில்லாமல் இருக்கிறது. அக்கா பழைய மருந்துச்சீட்டில் இருக்கும் அப்பாவின் கையெழுத்தைக் கடிதத்தின் அருகில் வைத்துப் பார்க்கிறாள். இதில் இன்னொரு நன்மை, தம்பியின் அரைப் பொய்க்கும் இந்த நடுக்கமே ஆதாரமாகிறது.

கடிதத்திலிருந்து நேரத்தை எடுத்துவிட்டு அதைத் தம்பியின் வாய்க்கு மாற்றினேன். அறிக்கை இறுதியில் திடீரென முளைக்கக் கூடாது என்பதால், ஒன்பதாம் காட்சியில் மருத்துவமனை உறையை அக்கா கையெழுத்திட்டு வாங்கி, பிரிக்க மனமில்லாமல் அலமாரியில் வைக்கிறாள். இருபத்தேழில் சித்தி சொல்லும் "காலையிலேயே போய்விட்டாரே" என்ற ஒரு வரி மொத்த முடிவையும் கெடுத்திருக்கும். நல்ல வேளையாக இன்று கண்ணில் பட்டது. சீன் ஆர்டர் மாறியதும், ஒவ்வொரு காட்சியிலும் யாருக்கு எது தெரியும் என்று முதலிலிருந்து வரி வரியாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மார்ச் 8, சனி

ஒப்புதலுக்குப் பின்னால் இருந்த ஐந்து பக்கங்களையும் வெட்டினேன். ஒப்புதல், உடனே உறை, முடிவு. வாசித்துக் காட்டியபோது அறையில் எந்த அசைவும் இல்லை. ஓர் அதிர்ச்சி மனத்தில் இறங்குவதற்குள் அடுத்தது வந்துவிட்டதால் இரண்டுமே வீணாயின. தம்பியை நம்பி ஒருமுறை மூச்சுவிட்டால்தான், அந்த நம்பிக்கை உடையும்போது வலிக்கும்.

முக்கால் பக்கத்தைத் திரும்பச் சேர்த்தேன். அக்கா, "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்கிறாள். பல நாள் தூங்காத தம்பி நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறான். அவள் அவனுக்குப் போர்த்திவிட்டு, கடிதத்தை அலமாரியில் வைக்கப் போகும்போது உறை கையில் படுகிறது. இப்போதுதான் அதைப் பிரிக்கும் மனம் அவளுக்கு வருகிறது. வெட்டிய அழுகையும் மன்னிப்பும் தனிக் கோப்பில் இருக்கின்றன. காரணம் சொல்லும் பகுதி ஐந்தாவதின் நடுவில் பயன்படும். மற்றதற்கு இனி இடமில்லை.

மார்ச் 10, திங்கள்

கதை தெரியாத மூன்று பேரிடம் வாசித்துக் காட்டினேன். இருவருக்கு முடிவு புரியவில்லை. "11.20 என்றால் என்ன?" என்று ஒருவர் கேட்டார். தம்பி 'இரவு எட்டு மணி' என்று ஒருமுறைதான் சொல்கிறான். உணர்ச்சி மிகுந்த காட்சியில் எண் யார் நினைவிலும் தங்குவதில்லை. அக்காவை "காலையிலா?" என்று வாய்விட்டுக் கேட்க வைப்பது எளிது, ஆனால் தனியாக இருப்பவள் பார்வையாளருக்காகப் பேசுவது போலாகிவிடும்.

எனவே எண்ணுக்குப் பதிலாக ஒரு காட்சியையே தம்பியின் வாயில் வைத்தேன்.

தம்பி: எட்டு மணிச் செய்தி ஓடிக்கிட்டிருந்துச்சுக்கா. சத்தத்தைக் குறைடான்னார். குறைச்சுட்டு வந்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் சொல்ல ஆரம்பிச்சார்.

மறுவாசிப்பில், அறிக்கையின் நேரத்தைப் படித்த நொடியில் ஒருவர் "அப்படியென்றால் சத்தத்தைக் குறைக்கச் சொன்னது யார்?" என்றார். எனக்கு வேண்டியிருந்த கேள்வி அதுதான்.

மார்ச் 11, செவ்வாய்

அக்கா திரும்பிப் பார்க்கும்போது தம்பி கண் விழித்தே இருக்கிறான் என்று நேற்றிரவு ஒரு வரி சேர்த்திருந்தேன். படிக்க நன்றாகவே இருந்தது; ஆனாலும் காலையில் நீக்கிவிட்டேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரியுமா என்பதை வைத்துத்தான் ஐந்தாவதின் முதல் பத்து நிமிடங்கள் நடக்கப்போகின்றன. அந்த ஒரு பார்வை அதை இங்கேயே செலவழித்துவிடும்.

அறிக்கையில் நேரம் தவறாக அச்சாகிவிட்டது என்று ஐந்தாவதில் சமாளிக்கலாமா என உதவி எழுத்தாளர் கேட்டார். முடியாது என்றேன். அப்படிச் செய்தால் ஆறாவதின் இறுதியை யாரும் நம்பமாட்டார்கள். ஐந்தாவது அதே அறையில், மறுநாள் காலையில் தொடங்கும். அவள் எதையும் கேட்கமாட்டாள். "அன்னைக்கு ராத்திரி அப்பா சாப்பிட்டாரா?" என்று மட்டும் விசாரிப்பாள், தம்பி ஏதோ ஒரு பதில் சொல்வான்.

இரண்டாம் வரைவு முப்பத்து நான்கு பக்கங்களில் முடிந்து, மாலையில் இயக்குநருக்குப் போய்விட்டது. கடைசி வரி: அக்காவின் கையில் தாள், பின்னால், குவியம் இல்லாமல், தூங்கும் தம்பி.