மேல் வரிசைக் கோப்பைகள்

மதுரையில் வீட்டு உபயோகப் பொருள்களின் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கொள்முதல் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவிலிருந்து பீங்கான் கோப்பைகளை வரவழைத்து விற்றுவந்தோம். ஒரு பெட்டியில் 48 கோப்பைகள் இருக்கும். 16 வீதம் மூன்று வரிசைகளாக வைத்து, இடைவெளிகளில் வைக்கோலைத் திணித்திருப்பார்கள். அடுத்தடுத்து நான்கு சரக்குகளில் உடைசல் வந்தபோது நான் எழுதிய முதல் கடிதத்தில் கோபம் இருந்ததே தவிர விவரம் இல்லை. "இங்கிருந்து நல்லபடியாகத்தான் ஏற்றினோம், லாரியில் லோடுமேன்கள் போட்டு உடைத்திருப்பார்கள்" என்று பதில் வந்தது. அதை மறுக்க என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை என்பதுதான் உண்மை.

எனவே அடுத்து வந்த சரக்கின் 60 பெட்டிகளையும் குடோனில் வரிசையாக வைத்து, பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொன்றையும் படம் எடுத்து, உடைந்தவை எந்த வரிசையில் இருந்தன என்பதையும் குறித்துக்கொண்டேன். பெட்டி கீழே விழுந்திருந்தால் ஒரு மூலை மட்டும் நசுங்கி, அந்த மூலையையொட்டிய கோப்பைகள் உடைந்திருக்க வேண்டும். எங்களுக்கு வந்த பெட்டிகளிலோ மூலைகள் பெரும்பாலும் ஒழுங்காகவே இருந்தன. பக்கங்கள் வெளியே உப்பி, குறுக்காக மடிப்பு விழுந்து, மேல்மூடி குழிந்திருந்தது. உடைந்த 181 கோப்பைகளில் 140 மேல் வரிசையில் இருந்தவை. இது விழுந்த அடி அல்ல, பாரத்தின் நசுக்கல். நிறைந்த பெட்டி ஒன்று 18 கிலோ. ஏழு உயரத்துக்கு அடுக்கினால் அடிப்பெட்டி 108 கிலோவைத் தாங்க வேண்டும். நாள்கணக்கில் குலுங்கியபடி வரும் பயணத்தில் வைக்கோல் அமுங்கிவிடுவதால் மூடிக்கும் கோப்பைக்கும் நடுவே வெற்றிடம் உண்டாகிறது. அப்போது பாரம் முழுவதும் மூன்று பிளை அட்டையின் சுவர்கள் மேல் விழுகிறது. போதாததற்கு, சரியாகக் காயாத வைக்கோலின் ஈரம் அட்டையை உள்ளிருந்தே நெகிழச் செய்கிறது. பெட்டியின் உள்பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தபோது அது நமுத்த அப்பளம் போல வளைந்து கொடுத்தது.

இரண்டாவது கடிதத்தில் குற்றச்சாட்டை விட்டுவிட்டு இந்தக் கணக்கை மட்டும் படங்களுடன் வைத்தேன். ஐந்து பிளை பெட்டி, வைக்கோலுக்குப் பதிலாகக் கோப்பைக்கு ஓர் அறை வீதம் அட்டைத் தடுப்பு, வரிசைகளுக்கு இடையே ஒரு தட்டை அட்டை, மேலே வெற்றிடம் விடாத உயரம் ஆகியவற்றைக் கேட்டேன். பெட்டிக்குச் சுமார் 38 ரூபாய் கூடுதலாகும், அதாவது கோப்பைக்கு 80 பைசா என்றும், பெட்டிக்கு மூன்று கோப்பைகள் உடைவதால் எங்களுக்கு 135 ரூபாய் போகிறது என்றும் எழுதினேன். "சோதனைச் சரக்கின் கூடுதல் செலவில் பாதியை நாங்கள் ஏற்கிறோம்" என்ற வரியைச் சேர்க்க முதலாளியிடம் அனுமதி வாங்குவதுதான் கடினமாக இருந்தது. உடைத்தவன் செலவையும் நாம் கொடுப்பதா என்பது அவருடைய நியாயமான கேள்வி. ஆயினும் அந்த வரி இல்லாதிருந்தால் பதிலே வந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன்.

சோதனைக்கு 20 பெட்டிகள் என்று முடிவாயிற்று. பத்துப் பழைய முறை, பத்துப் புதிய முறை. எல்லாவற்றுக்கும் எண்ணிட்டு, ஒரே நாளில் ஒரே லாரியில், இரண்டு வகையும் அடியிலும் மேலும் கலந்து வரும்படி அடுக்கச் சொன்னேன். புதியவை மட்டும் தனியாக வந்திருந்தால், அந்த லாரி மெதுவாக வந்ததா அடுக்கு குறைவாக இருந்ததா என்ற சந்தேகம் மிஞ்சியிருக்கும். பிப்ரவரியில் வந்து இறங்கிய பழைய பத்தில் 27 கோப்பைகள் உடைந்திருந்தன, புதிய பத்தில் நான்கு. அந்த நான்கிலும் கைப்பிடி மட்டுமே முறிந்திருந்தது. கைப்பிடி தடுப்பின் சுவரில் நேராக முட்டிக்கொண்டு நின்றதே காரணம். கோப்பையைச் சற்றுத் திருப்பி, கைப்பிடி அறையின் மூலையை நோக்கி இருக்கும்படி வைக்குமாறு எழுதினேன். இதற்குச் செலவு எதுவும் இல்லை என்பதால் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

பிப்ரவரி உலர்ந்த மாதம் என்பதால் இந்த முடிவை நான் முழுதாக நம்பவில்லை. காற்றில் ஈரம் ஏறினால் ஐந்து பிளையும் வலுவிழக்கும். ஆகவே புதிய முறைக்கு ஆர்டர் கொடுத்த கடிதத்திலேயே, மழைக்காலத்தில் வரும் முதல் சரக்கைப் பெட்டி பெட்டியாக எண்ணிப் பார்த்த பிறகே விலையை நிரந்தரமாக்குவோம் என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். ஆகஸ்டில் வந்த 60 பெட்டிகளில் ஒன்பது கோப்பைகள் உடைந்திருந்தன. ஐந்து பெட்டிகளின் பக்கங்கள் லேசாக உப்பியிருந்தன. அந்த ஐந்தும் அடி வரிசையில் இருந்தவை. மழைக்காலச் சரக்கை ஐந்து உயரத்துக்கு மேல் அடுக்க வேண்டாம் என்று லாரி புக்கிங் அலுவலகத்துக்கு எழுதியது அதற்குப் பிறகுதான்.